மூணு மணிக்கு எழுப்பாதீர்கள்

மாசி பிறந்துவிட்டால் எங்கள் பக்கத்தில் இரண்டு சத்தம் கேட்க ஆரம்பிக்கும். ஒன்று கோயில் ஒலிபெருக்கி. திருவப்பூர் மாரியம்மனுக்குப் பூச்சொரிதல் முடிந்து, பங்குனியில் நார்த்தாமலைத் திருவிழா முடியும்வரை அது ஓயாது. இன்னொன்று விடியற்காலை மூன்று மணிக்கு ஒவ்வொரு வீட்டிலும் கேட்கும் குரல். "எந்திரிடா, இன்னைக்குப் பரீட்சை, தூங்குறியே!"

இந்த இரண்டாவது சத்தத்தைப் பற்றித்தான் இன்று எழுத நினைக்கிறேன். முப்பத்து மூன்று ஆண்டுகள் கணக்கு வாத்தியாராக இருந்தவன் நான். தேர்வு அறைக் கண்காணிப்பாளராக நின்றிருக்கிறேன். விடைத்தாள் திருத்தும் முகாம்களில் சிவப்புப் பேனாவோடு உட்கார்ந்திருக்கிறேன். அப்படி இருந்தும், தேர்வுக்கு முந்தைய ராத்திரியைப் பற்றி நான் வைத்திருந்த எண்ணம் தப்பு என்று தெரிந்துகொள்ள எனக்கு வெகுகாலம் ஆயிற்று. அதற்கான விலையை நான் கொடுக்கவில்லை, என் மகன் கொடுத்தான்.

1970-இல் நான் எஸ்.எஸ்.எல்.சி. எழுதினேன். அப்போது அது பதினோராம் வகுப்பு. எங்கள் வீட்டில் மின்சாரம் கிடையாது. அரிக்கேன் விளக்கில் மண்ணெண்ணெய் தீர்ந்துவிடும் என்று எங்கள் அய்யா ஒன்பது மணிக்கே அணைத்துவிடுவார். "போதும், கண்ணு கெட்டுடும், படு" என்பார். விடியற்காலை நாலரை மணிக்கு மாட்டுக்குத் தீனி வைக்க எழும்போது என்னையும் எழுப்புவார். ஏழரை மணி நேரம் தூங்கியிருப்பேன். எனக்கு நினைவில் தங்கியது என்னவோ நாலரை மணி மட்டும்தான். "விடியக்காலையில் எழுந்து படித்ததால்தான் தேறினேன்" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். ஒன்பது மணிக்கு விளக்கை அணைத்ததை மறந்தே போனேன்.

1996-இல் என் மகன் பிளஸ் டூ கணக்குத் தேர்வு எழுதினான். அதற்குள் எங்கள் வீட்டில் மின்விளக்கு வந்துவிட்டது, டி.வி.யும் வந்துவிட்டது. ராத்திரி பன்னிரண்டு வரை அவன் பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொரு பாடமாகப் புரட்டவைத்தேன். மூன்று மணிக்கு எழுப்பிவிட்டேன். முகம் கழுவி வந்தவனிடம் கட்டங்காப்பியைக் கொடுத்து, வகைநுண்கணிதத்தில் அவன் அதுவரை தொடாத ஒரு பயிற்சியை எடுத்துவைத்து, "இதையும் ஒரு தடவை பார்த்துடு" என்றேன்.

அரையாண்டில் 200-க்கு 192 வாங்கியவன் பொதுத்தேர்வில் 164 வாங்கினான். ஒரு வாரம் கழித்துத்தான் வாயைத் திறந்தான். "அப்பா, எல்லாம் தெரிஞ்ச கணக்குத்தான். கேள்வித்தாளைப் பார்த்தா எழுத்து மிதக்குற மாதிரி இருந்துச்சு. ஒரு கணக்குல கூட்டலைக் கழித்தல்னு எழுதிட்டு அரைமணி நேரம் மல்லுக்கட்டுனேன். நீங்க காலையில காட்டுனீங்களே, அதுதான் திரும்பத் திரும்ப மனசுல ஓடுச்சு. அது வரவே இல்லை."

நான் பதில் சொல்லவில்லை. விடைத்தாள் திருத்தும் முகாம்களில் அதே தவறுகளை எத்தனையோ தாள்களில் பார்த்திருக்கிறேன். வினாத்தாளில் இருக்கும் எண்ணைத் தப்பாகப் பார்த்து எழுதுவது, ஒரு வரியில் இருந்த கழித்தல் குறி அடுத்த வரியில் காணாமல் போவது, 23-ஆம் கேள்விக்கு விடை எழுதி 22 என்று எண் போடுவது. "அக்கறை இல்லாத பிள்ளைகள்" என்று சொல்லிக்கொண்டே மதிப்பெண்ணைக் குறைத்திருக்கிறேன். பல தாள்கள் அக்கறை மிகுந்த பிள்ளைகளின், தூங்காத பிள்ளைகளின் தாள்களாக இருந்திருக்கும் என்று இப்போது நினைத்துக்கொள்கிறேன்.

பழகிய முகமும் மறந்த பெயரும்

போன வருடம் என் பேத்தி பத்தாம் வகுப்பு எழுதினாள். கணக்குத் தேர்வுக்கு முந்தைய நாள் மகன் வெளியூர் வேலையில் இருந்தான். மருமகள் என்னிடம் வந்து, "மாமா, நீங்கதான் கூட இருந்து பார்த்துக்கணும்" என்றார். இந்த முறை நான் புத்தகத்தைக் கையில் எடுக்கவில்லை. கடிகாரத்தைத்தான் எடுத்தேன்.

பேத்தி தயாராகிவிட்டாள் என்றுதான் நினைத்தாள். அளவியல் பாடத்தைத் திறந்து வைத்துக்கொண்டு, "எல்லாம் தெரியும் தாத்தா" என்று பக்கங்களைத் தள்ளிக்கொண்டே போனாள்.

நம் வயதுக்காரர்களுக்கு இது நன்றாகவே புரியும். கல்யாண மண்டபத்தில் ஒருவர் எதிரே வந்து "என்ன சார், சௌக்கியமா?" என்கிறார். முகம் நன்றாகத் தெரிகிறது, பெயர் வரமாட்டேன் என்கிறது. அவர் போன பிறகு மனைவியிடம் "யாரது?" என்று கேட்கிறோம். பார்த்ததும் தெரிந்துகொள்வது வேறு, பார்க்காமல் எடுத்துச் சொல்வது வேறு. புத்தகத்தைத் திரும்பத் திரும்பப் படிக்கிற பிள்ளைக்கு முகம் பழகுகிறது. தேர்வு அறையில் கேட்பதோ பெயரை.

2006-இல் ரோடிகர், கார்பிக்கே என்ற இரண்டு அமெரிக்க உளவியலாளர்கள் இதைச் சோதித்து வெளியிட்டார்கள். கல்லூரி மாணவர்களுக்கு ஒரு பத்தியைக் கொடுத்துப் படிக்கவைத்தார்கள். சிலர் அதை மறுபடி படித்தார்கள். சிலர் மூடிவைத்துவிட்டு, நினைவில் இருந்ததை எழுதினார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்களே முன்னால் இருந்தார்கள். இரண்டு நாள் கழித்தும் ஒரு வாரம் கழித்தும் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்கள் முந்திவிட்டார்கள். அந்த ஐந்து நிமிட வெற்றிதான் பிள்ளைகளை ஏமாற்றுகிறது. படித்து மூடியதும் "எல்லாம் தெரியும்" என்று தோன்றுகிறதே, அது அதுதான்.

ஆகவே பேத்தியிடம் புத்தகத்தை வாங்கிக்கொண்டு எட்டு வெள்ளைத்தாள்களைக் கொடுத்தேன். பத்தாம் வகுப்புக் கணக்கில் எட்டுப் பாடங்கள். உறவுகளும் சார்புகளும் தொடங்கி, புள்ளியியலும் நிகழ்தகவும் வரை. ஒரு பாடத்துக்கு ஒரு தாள், பத்து நிமிடம். புத்தகத்தைப் பார்க்காமல் அந்தப் பாடத்தின் சூத்திரங்களையும், கணக்கு எந்த மாதிரி வரும் என்பதையும் எழுத வேண்டும். முழுக் கணக்கையும் போட வேண்டாம். எழுதி முடித்த பிறகு புத்தகத்தைத் திறந்து, தப்பை மட்டும் சிவப்புப் பேனாவால் திருத்த வேண்டும். சாயங்காலம் ஐந்தரைக்கு ஆரம்பித்தோம், ஏழேகாலுக்கு முடிந்தது.

ஏழு தாள்களில் சிவப்பு மை அதிகம் இல்லை. அளவியலில் மாட்டிக்கொண்டாள். கூம்பின் மேல்பகுதியை வெட்டி எடுத்தால் மீதம் நிற்கும் இடைக்கண்டத்தின் கன அளவு. நம் வீட்டு வாளியின் வடிவம்தான் அது. அவள் எழுதியது:

V = (πh/3)(R² + r²)

நடுவில் இருக்க வேண்டிய Rr விட்டுப் போயிருந்தது. புத்தகத்தில் பத்துத் தடவை பார்த்த சூத்திரம்தான். முகம் தெரிந்தது, பெயரில் ஒரு எழுத்தை விட்டுவிட்டாள்.

"இதை மனப்பாடம் பண்ணாதே ஆத்தா. மேல்வட்டமும் கீழ்வட்டமும் ஒரே அளவாயிருந்தா அது என்ன?" என்று கேட்டேன்.

"உருளை."

"உருளைக்குக் கன அளவு πR²h. உன் சூத்திரத்துல r இருக்கிற இடத்துல R போட்டுப் பாரு."

போட்டாள். மூன்றில் இரண்டு பங்குதான் வந்தது. ஒரு R² குறைகிறது. "அப்ப நடுவுல ஒண்ணு இருக்கணும் தாத்தா" என்று அவளே Rr-ஐச் சேர்த்தாள். இப்போது மூன்று R² வந்து, கீழே இருக்கிற மூன்றோடு அடிபட்டு உருளை சரியாக நின்றது. r-ஐப் பூச்சியமாக்கிப் பார்த்தாள், கூம்பு வந்தது. அதற்கு மேல் அந்தச் சூத்திரத்தை அவள் மறக்க வேண்டுமானால் உருளையையும் கூம்பையும் சேர்த்துத்தான் மறக்க வேண்டும்.

கடைசி மாலையின் வேலை இவ்வளவுதான். தெரிந்ததை எடுத்துப் பார்ப்பது, ஓட்டை இருந்தால் அடைப்பது. அதுவரை தொடாத பாடத்தை அன்று தொடவே கூடாது. புதிதாக ஏறியது முழுசாகத் தங்காது, பக்கத்தில் இருக்கிற பழையதையும் கலக்கிவிடும். கூட்டுத்தொடரை நன்றாகத் தெரிந்துவைத்திருக்கும் பிள்ளைக்குக் கடைசி ராத்திரியில் பெருக்குத்தொடரின் கூடுதலைத் திணித்தால், காலையில் இரண்டும் குழம்பி நிற்கும். என் மகனுக்கு நான் செய்தது அதைத்தான்.

பின்னாலிருந்து எண்ணுவது

தேர்வுக்கு முந்தைய மாலையைத் திட்டமிட ஒரே வழி, மறுநாள் மணி அடிக்கும் நேரத்திலிருந்து பின்னோக்கி எண்ணிக்கொண்டு வருவதுதான்.

நம் பொதுத்தேர்வில் பத்து மணிக்கு வினாத்தாள் கையில் வரும். பத்து நிமிடம் படித்துப் பார்ப்பதற்கு, ஐந்து நிமிடம் விவரங்களைச் சரிபார்ப்பதற்கு. பத்தேகாலிலிருந்து ஒன்றேகால் வரை எழுத்து. பேத்தியின் தேர்வு மையத்துக்கு எங்கள் ஊரிலிருந்து எட்டு இருபதுக்கு ஒரு டவுன் பஸ், அதை விட்டால் ஒன்பது பத்துக்குத்தான். இரண்டாவது பஸ்ஸிலும் நேரத்துக்குப் போய்விடலாம். ஆனால் வழியில் ஒரு டயர் பஞ்சரானால் கதை முடிந்தது. எனவே எட்டு இருபது.

அந்த பஸ்ஸுக்கு எட்டு பத்துக்கு வீட்டை விட்டுக் கிளம்ப வேண்டும். ஏழேகாலுக்குச் சாப்பாடு. ஐந்தே முக்காலுக்கு எழுந்தால் குளித்து, கொஞ்சம் புரட்டிப் பார்க்கவும் நேரம் இருக்கும். அவள் வயதுப் பிள்ளைகளுக்கு எட்டு மணி நேரமாவது தூக்கம் வேண்டும் என்பது தூக்க மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. பதின்மூன்று முதல் பதினெட்டு வயதுவரை எட்டிலிருந்து பத்து மணி நேரம் என்கிறார்கள். அப்படியானால் ஒன்பதரைக்குத் தூங்கியிருக்க வேண்டும். அதற்கு ஒன்பதேகாலுக்கு விளக்கு அணைய வேண்டும். எட்டேகாலுக்குப் புத்தகம் மூட வேண்டும், ஏழரைக்குச் சாப்பிட வேண்டும். இதை ஒரு அட்டையில் எழுதிச் சுவரில் ஒட்டினேன். 1970-இல் எங்கள் அய்யா மண்ணெண்ணெயை மிச்சம் பிடிக்கப் போட்ட கணக்கும் கிட்டத்தட்ட இதேதான் என்று அப்போதுதான் உறைத்தது.

"பிரம்ம முகூர்த்தத்துல படிச்சா மனசுல நிக்கும்னு பெரியவங்க சொல்லலையா?" என்று என் மனைவி கேட்டார். சொன்னார்கள்தான். அந்தப் பெரியவர்கள் எட்டு மணிக்குப் படுத்தவர்கள். ஒன்பதுக்குப் படுத்து நாலரைக்கு எழுகிற வழக்கம் வருடம் முழுக்க இருக்கிற பிள்ளை அப்படியே எழுந்து படிக்கட்டும், நான் தடுக்கவில்லை. பதினொன்றரைக்குப் படுக்கிற பிள்ளையை, தேர்வு அன்று மட்டும் மூன்று மணிக்கு எழுப்புவதைத்தான் கூடாது என்கிறேன்.

தூக்கம் என்பது வெறும் ஓய்வு அல்ல. 1924-இல் கார்னெல் பல்கலைக்கழகத்தில் ஜென்கின்ஸ், டாலன்பாக் என்ற இருவர் ஒரு சோதனை செய்தார்கள். இரண்டு மாணவர்களை அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்யவைத்து, சில தடவை அப்படியே தூங்கவிட்டும், சில தடவை விழித்திருக்கவிட்டும், ஒரு மணி முதல் எட்டு மணி நேரம் கழித்துக் கேட்டுப் பார்த்தார்கள். தூங்கியபோது மறந்தது குறைவு, விழித்திருந்தபோது மறந்தது அதிகம். இரண்டே பேரை வைத்துச் செய்த சிறிய சோதனைதான். ஆனால் அதற்குப் பிறகு நடந்த எத்தனையோ ஆய்வுகள் அதே பக்கம்தான் நிற்கின்றன. பகலில் படித்ததை மூளை தூக்கத்தில் அடுக்கி வைக்கிறது. அறுத்த நெல்லைக் களத்திலேயே விட்டுவிடாமல் குதிரில் கொட்டுகிற வேலை அது. மூன்று மணிக்கு எழுப்புகிறவர் பாதிக் குதிரில் ஆளை நிறுத்திவிட்டு, இன்னும் ஒரு கட்டு அறுத்துக்கொண்டு வா என்கிறார்.

அதற்காக, படிக்காத பாடத்தைத் தூக்கம் கொண்டுவந்து தராது. அறுக்காத நெல் குதிருக்கு வராது.

சாப்பாட்டுக்கு அப்புறம் பையை எடுத்து வைக்கச் சொன்னேன். நுழைவுச்சீட்டு, ஒரே நிறத்தில் இரண்டு பேனா, சீவிய பென்சில் இரண்டு, அளவுகோல், அழிப்பான், கவராயம், தண்ணீர் பாட்டில். கணக்குத் தாளில் கடைசிப் பகுதியில் வடிவியல் வரைதலும் வரைபடமும் எட்டெட்டு மதிப்பெண், மொத்தம் பதினாறு. கவராயத்தை வாங்கி ஒரு வட்டம் போட்டுப் பார்த்தேன். ஆரம்பித்த இடத்தில் வந்து சேரவில்லை, திருகு தளர்ந்திருந்தது. வில் வரையும்போதே ஆரம் நழுவினால் எவ்வளவு தெரிந்த பிள்ளைக்கும் தொடுகோடு தொடாது. ராத்திரியே பார்த்ததால் இறுக்கி வைத்தோம். காலையில் அறைக்குள் தெரிந்திருந்தால் கவராயத்தோடு சேர்ந்து மனசும் ஆடியிருக்கும்.

பயத்தைத் தாளில் இறக்குவது

எட்டேகாலுக்குப் புத்தகம் மூடியாயிற்று. கைபேசி மருமகளிடம் போயிற்று. கோயில் ஒலிபெருக்கியை என்ன செய்வது? நானே போய் விழாக்காரரிடம், "தம்பி, ஊர்ல பத்துப் பிள்ளைக பரீட்சை எழுதுது, ஒன்பது மணிக்கு மேல கொஞ்சம் குறைச்சுக்கங்கப்பா" என்றேன். உடனே குறைத்தார்கள். கேட்காமல் புலம்புவதைவிடக் கேட்பது சுலபம்.

இருந்தாலும் அவள் கை சில்லிட்டிருந்தது. "தாத்தா, மறந்துடுச்சுன்னா?" என்று இரண்டு தடவை கேட்டாள். "பயப்படாதே" என்று சொல்லத்தான் வாய் வந்தது. பயப்படுகிற பிள்ளையிடம் பயப்படாதே என்று சொன்னால் பயந்ததற்காகவும் சேர்த்துப் பயப்படும்.

எப்போதோ படித்த ஒரு விஷயம் ஞாபகம் வந்தது. 2011-இல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் ரமிரெஸ், பைலாக் என்ற இருவர் வெளியிட்ட ஆய்வு. தேர்வுக்குச் சற்று முன்பு பத்து நிமிடம், தேர்வைப் பற்றிய பயத்தை மனசுக்கு வந்தபடி எழுதவைத்தார்கள். அதிகம் பதறுகிற மாணவர்களுக்கு அது உதவியது. பதறாத பிள்ளைகளுக்கு அதனால் பெரிய மாற்றம் இல்லை. காரணம் எளிமையானது. கணக்குப் போடும்போது எண்களைத் தற்காலிகமாகப் பிடித்து வைத்துக்கொள்ள மனசில் ஒரு சின்னத் திண்ணை இருக்கிறது. அதில் நாலு பேர்தான் உட்காரலாம். கவலை வந்து இரண்டு இடத்தைப் பிடித்துக்கொண்டால் எண்கள் நிற்க இடம் இல்லாமல் கீழே விழுகின்றன. கவலையை எழுதி இறக்கி வைத்தால் இடம் கிடைக்கிறது.

அவர்கள் தேர்வுக்குச் சற்று முன்னால் எழுதச் சொன்னார்கள். எங்களுக்கு பஸ் நேரம் இருந்ததால் ராத்திரி ஒரு தடவை, காலையில் கிளம்புமுன் ஒரு தடவை என்று வைத்துக்கொண்டோம். "என்ன பயமோ எழுது. யாரும் படிக்க மாட்டோம். எழுதிட்டுக் கிழிச்சுப் போட்டுடு" என்று சொல்லிவிட்டுத் திண்ணைக்குப் போய்விட்டேன்.

பத்து நிமிடம் கழித்து அவளே தாளைக் கொண்டுவந்து நீட்டினாள். நாலைந்து வரிதான். நேரம் போதாமல் போய்விடுமோ, வரைபடத்தில் அளவுத்திட்டம் தப்பாகிவிடுமோ என்று இருந்தது. கடைசி வரி இது: "கணக்குல குறைஞ்சா, வாத்தியார் பேத்தி இவ்வளவுதானான்னு எல்லாரும் தாத்தாவைக் கேட்பாங்க."

நண்பர்களே, எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. இரண்டு மாதமாக அவள் முன்னால் வருவோர் போவோரிடமெல்லாம் "என் பேத்தி கணக்கில் நூறு எடுப்பா" என்று நான்தான் பெருமை அடித்துக்கொண்டிருந்தேன். அவள் மனசின் திண்ணையில் வந்து உட்கார்ந்திருந்த ஆள் நான்தான்.

"ஆத்தா, என்னை யாரும் கேட்க மாட்டாங்க. கேட்டா நான் பார்த்துக்குறேன். நீ உனக்குத் தெரிஞ்சதை எழுதிட்டு வா" என்றேன். சிரித்தாள். ஒன்பதேகாலுக்கு விளக்கை அணைத்தோம்.

உடனே தூங்கிவிட்டாள் என்று எழுதினால் பொய். பத்து மணிக்கு எழுந்து வந்து, "தூக்கம் வரலை தாத்தா, போச்சா?" என்றாள். இதையும் சொல்லியாக வேண்டும். தூக்கம் நல்லது என்று மிரட்டினால் அதுவே தூக்கத்தைக் கெடுக்கும். ஒரு ராத்திரி இரண்டு மணி நேரம் குறைந்தால் ஒன்றும் முழுகிவிடாது. முந்தைய வாரம் முழுக்க ஒழுங்காகத் தூங்கியிருந்தால் உடம்பு தாங்கும். கடிகாரத்தைத் திருப்பி வைத்தேன். பெரிய விளக்கைப் போடாமல், திண்ணையில் கால்மணி நேரம் காற்றாட உட்காரவைத்தேன். மூச்சை மெதுவாக இழுத்து, இழுத்ததைவிட இன்னும் மெதுவாக விடச் சொன்னேன். பழைய ஊர்க்கதை ஒன்று சொன்னேன். பாதியிலேயே கொட்டாவி விட்டாள்.

காலை

ஐந்தே முக்காலுக்கு அவள் அப்பாயி எழுப்பினார். குளித்து வந்ததும் எட்டுத் தாள்களில் சிவப்பு மை இருந்த இடங்களை மட்டும் பார்த்தாள். அரைமணி நேரம்கூட ஆகவில்லை. புத்தகத்தைத் திறக்கவில்லை. திறந்தால் தெரியாத ஏதோ ஒன்று கண்ணில் படும், அதைத் தேர்வு முடியும்வரை தலையில் சுமக்க வேண்டும்.

சாப்பாடு தினமும் சாப்பிடுகிற இட்லிதான், மூன்று. பரீட்சை என்று நெய்ப்பொங்கல் போட்டால் பதினொரு மணிக்குக் கண்ணைச் சொக்கும். பட்டினியாகப் போனால் பன்னிரண்டு மணிக்குக் கை நடுங்கும். தினமும் டீ குடிக்கிற பிள்ளைக்கு அன்றும் அதே அரை டம்ளர் டீ. குடிக்காத பிள்ளைக்குப் புதிதாகக் கொடுக்க வேண்டாம். எதையும் தேர்வு அன்று புதிதாக ஆரம்பிக்கக் கூடாது, செருப்பு உட்பட.

நான் மையத்தின் வாசல்வரை போனேன். அங்கேதான் கடைசி ஆபத்து. பிள்ளைகள் கூட்டமாக நின்று, "அந்த எடுத்துக்காட்டுப் பார்த்தியா? அது வரும்னு டியூஷன் சார் சொன்னாரு" என்று ஒருவரையொருவர் கலக்கிக்கொண்டிருந்தார்கள். அவளை ஒரு வேப்பமரத்து நிழலுக்குக் கூட்டிப்போய் உட்காரவைத்தேன். முதல் பத்து நிமிடத்தைப் பற்றி மட்டும் பேசினேன். வினாத்தாளைக் கடைசிவரை ஒரு தடவை படி. இரண்டு மதிப்பெண், ஐந்து மதிப்பெண் பகுதிகளில் எழுத வேண்டியது பத்துப் பத்துத்தான். ஒவ்வொன்றிலும் கடைசிக் கேள்வி கட்டாயம் என்பதை மறக்காதே. எதை எழுதுவது என்று அந்தப் பத்து நிமிடத்திலேயே மனசில் முடிவுபண்ணிக்கொள். நன்றாகத் தெரிந்த ஒன்றில் ஆரம்பி. ஏதாவது மறந்துபோனால் இடம் விட்டுவிட்டு அடுத்ததற்குப் போ. மண்டபத்தில் வராத பெயர், வீட்டுக்கு வந்து செருப்பைக் கழற்றும்போது தானாக வருகிறதே, அதுமாதிரி வரும். துரத்தினால் ஓடும்.

ஒன்றேகாலுக்கு வெளியே வந்தாள். எவ்வளவு வரும் என்று நான் கேட்கவில்லை. "இடைக்கண்டம் வரவே இல்லை தாத்தா" என்றாள். பிறகு, "ஒரு கணக்கு மறந்துடுச்சு. இடம் விட்டுட்டுப் போனேன். வரைபடம் போட்டுக்கிட்டு இருக்கும்போது வந்துடுச்சு" என்றாள். வரும்வழியில் இளநீர் குடித்தோம். விடைகளைச் சரிபார்க்கவில்லை, அடுத்தது அறிவியல் தேர்வு இருந்தது.

அவள் வாங்கிய மதிப்பெண்ணை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் மறுபடி நான் பெருமையடிக்க ஆரம்பித்துவிடுவேன். எட்டு வெள்ளைத்தாளும் ஒரு நல்ல தூக்கமும் நூறு வாங்கித் தரும் என்று நான் சொல்லவும் இல்லை. வருடம் முழுக்கப் படித்தது, தேர்வு அறைக்குள் போகும்போது கையை விட்டு நழுவாமல் இருக்கும், அவ்வளவுதான். 1996-இல் என் மகனிடம் அது இருந்தது. பன்னிரண்டு மணிவரை உட்காரவைத்தும் மூன்று மணிக்கு எழுப்பியும் நான்தான் அதைத் தட்டிவிட்டேன்.

சாயங்காலம் மகன் தொலைபேசியில் கூப்பிட்டான். "எத்தனை மணிக்குப்பா எழுப்பினீங்க?" என்பதுதான் அவன் கேட்ட முதல் கேள்வி.

"ஐந்தே முக்கால்" என்றேன்.

கொஞ்சநேரம் பேசாமல் இருந்துவிட்டு, "நல்லதுப்பா" என்றான்.